அம்பு எந்தப் பக்கம் போகணும்? ஐந்தாம் வகுப்புக்கு உணவுச்சங்கிலி கற்றுத்தர ஒரு முழு வழிகாட்டி

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் உணவுச்சங்கிலி வரையச் சொன்னால் படம் நன்றாகவே வரும். நெற்பயிர் பச்சைப்பசேல் என்று இருக்கும், பாம்புக்கு நாக்குகூட இரண்டாகப் பிளந்திருக்கும். அம்புக்குறி மட்டும் தலைகீழாகப் போயிருக்கும். பாம்பிலிருந்து கிளம்பித் தவளையைப் போய்க் குத்தும்.

இது கவனக்குறைவால் வருவதில்லை. பாம்பு தவளைமேல் பாய்கிறது, பாயும் திசையிலேயே பிள்ளை அம்பு போடுகிறது. அது வரைவது வேட்டையை. நாம் கேட்பதோ சாப்பாடு எங்கிருந்து எங்கே போய்ச் சேருகிறது என்பதை. தவளை பாம்பின் வயிற்றுக்குள் போகிறது, அதனால் அம்பும் தவளையிலிருந்து பாம்புக்குப் போக வேண்டும். "அம்பை இப்படிப் போடு" என்று பலகையில் எழுதிக் காட்டினால் அன்றைக்குச் சரியாகப் போடுவார்கள், அடுத்த வாரம் பழையபடி திரும்பிவிடும். கையால் ஒன்றைக் கொடுத்து வாங்கிப் பார்த்த பிறகு போடும் அம்பு அவ்வளவு சுலபத்தில் திரும்புவதில்லை.

கீழே இருப்பது 40 நிமிடப் பாடவேளை இரண்டுக்கான திட்டம். தேவையானவை ஆளுக்கு இரண்டு ஏ4 டிராயிங் ஷீட், பென்சில், கலர் பென்சில். வகுப்புக்கு மொத்தமாக 100 புளியங்கொட்டை, கூடவே ஓர் அட்டைப்பெட்டி.

முதலில் ஓர் இடத்தை முடிவு பண்ணுங்கள்

சங்கிலியில் வரும் நான்கும் ஒரே இடத்தில் வாழ்பவையாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் நெல்லுக்கு அப்புறம் மான், மானுக்கு அப்புறம் சிங்கம் என்று போய்விடும். அமிர்தி வன உயிரியல் பூங்காவுக்குச் சுற்றுலா போய்வந்த வகுப்பு என்றால் கூண்டில் பார்த்ததெல்லாம் தாளில் ஏறும்.

வேலூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு இரண்டு இடம் நன்றாகத் தெரியும். ஒன்று ஏரிப்பாசனத்தில் நெல் விளையும் கழனி, இன்னொன்று மானாவாரியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடும் கொல்லை. காட்பாடி, குடியாத்தம் டவுன் பிள்ளைகள்கூட தாத்தா வீட்டுக்குப் போனபோது இரண்டில் ஒன்றையாவது பார்த்திருப்பார்கள். முதல் தாளுக்குக் கழனி, இரண்டாவது தாளுக்குக் கொல்லை என்று வைத்துக்கொள்வோம்.

கழனிச் சங்கிலி: நெல் → வெட்டுக்கிளி → தவளை → சாரைப்பாம்பு.

கொல்லைச் சங்கிலி: மல்லாட்டை → எலி → சாரைப்பாம்பு → கீரி.

சாரை இரண்டிலும் வருவது வேண்டுமென்றே செய்தது. கடைசியில் அதுதான் இரண்டு தாளையும் சேர்த்துவைக்கும்.

தாளைத் தொடும் முன் புளியங்கொட்டை

நான்கு பிள்ளைகளை முன்னால் வரிசையாக நிற்க வையுங்கள். வகுப்பைப் பார்த்து நிற்கும்போது, உட்கார்ந்திருப்பவர்களின் இடது பக்கத்தில் நெல், அடுத்து வெட்டுக்கிளி, தவளை, சாரை. பேர் எழுதிய சீட்டை ஆளுக்கொன்று பிடித்துக்கொள்ளட்டும். அட்டைப்பெட்டியில் 'செலவு' என்று எழுதி முன்னால் வையுங்கள்.

100 புளியங்கொட்டையையும் நெல் கையில் கொடுத்து, "இது வெயிலை வைத்து நெல் தயாரித்த சாப்பாடு" என்று மட்டும் சொல்லுங்கள். நெல் அதை அப்படியே வெட்டுக்கிளியிடம் கொடுக்கிறது. வெட்டுக்கிளி நாளெல்லாம் குதிக்கிறது, பறக்கிறது, கடித்த இலையில் ஜீரணமாகாததை எச்சமாகப் போடுகிறது. அதற்கெல்லாம் சேர்த்து 90 கொட்டை செலவுப் பெட்டிக்குப் போகிறது. உடம்பில் தங்கியது 10. தவளை வெட்டுக்கிளியைப் பிடித்தால் கிடைப்பது அந்த 10 மட்டும்தான். தவளையும் தன் பங்குக்கு 9-ஐச் செலவு பண்ணிவிட்டு ஒன்றே ஒன்றைச் சாரையிடம் கொடுக்கிறது.

அந்த ஒற்றைக் கொட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சாரை முழிக்கும் நேரத்தில் வகுப்பு சிரிக்கும். அப்போது கேளுங்கள்: "சாரைக்கு வயிறு நிறைய என்ன பண்ணணும்?" யாராவது ஒருவர் "நிறைய தவளை தின்னணும் சார்" என்பார். ஆமாம், அத்தனை தவளைக்கு அதைவிட நிறைய வெட்டுக்கிளி வேண்டும், அத்தனை வெட்டுக்கிளிக்கு ஒரு கழனியே வேண்டும். சங்கிலி நான்கைந்து கண்ணிக்கு மேல் நீளாததற்குக் காரணம் இதுதான். பத்தில் ஒரு பங்கு என்பது தோராயக் கணக்கு, உயிருக்கு உயிர் கூடும் குறையும். இந்த வயதில் அந்த வித்தியாசத்துக்குள் போக வேண்டாம்.

நமக்கு வேண்டியது இதற்கு அடுத்து வரும் கேள்வி. "கொட்டை எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போச்சு?" எல்லோரும் கையை நீட்டிக் காட்டட்டும். அந்தக் கை காட்டிய திசைதான் அம்பு. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, தாளைக் கொடுத்துவிடலாம்.

தாளை மடிப்பது

தாளைப் படுக்கை வாக்கில் வைத்து, வலது ஓரத்தை இடது ஓரத்தோடு சேர்த்து ஒரு மடிப்பு. அதையே இன்னொரு முறை அதே பக்கமாக மடித்தால், விரிக்கும்போது நின்ற வாக்கில் நான்கு கட்டமும் மூன்று மடிப்புக் கோடும் கிடைக்கும். ஒரு கட்டம் ஏறக்குறைய 7.4 செ.மீ. அகலம் இருக்கும். ஸ்கேல் தேவையில்லை. ஸ்கேல் எடுத்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும்.

கட்டத்துக்கு ஓர் உயிர், மடிப்புக்கு ஓர் அம்பு. அம்பு மடிப்புக்கோட்டைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று ஒரு விதி வைத்துவிட்டால் யாரும் கட்டத்துக்குள்ளேயே அம்பை ஒளித்துவைக்க முடியாது. நான்கு கட்டம், மூன்று அம்பு என்று தூரத்தில் நின்றே எண்ணிப் பார்க்கலாம்.

படத்துக்கு முன் பேரும் அம்பும்

படத்தை முதலில் வரையவிட்டால் பாடவேளை முழுக்கச் சாரைப்பாம்பின் செதிலுக்கே சரியாகிவிடும், மணி அடிக்கும்போது அவசரத்தில் மூன்று கோடு இழுப்பார்கள். அதனால் வரிசையை மாற்றுங்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் பேர் மட்டும் எழுதட்டும். நெல், வெட்டுக்கிளி, தவளை, சாரைப்பாம்பு. அப்புறம் பென்சிலால் மூன்று அம்பு. இதை முடித்தவர் பக்கத்தில் இருப்பவருக்கு வாசித்துக் காட்டிய பிறகே படம் வரைய ஆரம்பிக்கலாம்.

வாசிக்க ஒரே ஒரு முறையைப் பழக்குங்கள். அம்பு வரும் இடத்தில் '-க்குச் சாப்பாடு' என்று சொல்ல வேண்டும். நெல் வெட்டுக்கிளிக்குச் சாப்பாடு. வெட்டுக்கிளி தவளைக்குச் சாப்பாடு. தவளை சாரைக்குச் சாப்பாடு. அம்பு திரும்பியிருந்தால் 'சாரை தவளைக்குச் சாப்பாடு' என்று வரும், படிக்கும் பிள்ளையே சிரித்துவிட்டு ரப்பரைத் தேடும். 'தின்கிறது' என்று வாசிக்கவிடாதீர்கள். 'சாரை தவளையைத் தின்கிறது' என்பது உண்மையான வாக்கியம், தலைகீழ் அம்புக்கும் அது பொருந்திவிடும், தப்பு வெளியே தெரியாது.

வாய் இடது பக்கம்

இப்போது படம். விலங்குகள் எல்லாம் இடது பக்கம் பார்த்து நிற்க வேண்டும், அம்பின் முனை வாயைத் தொட வேண்டும். இதைச் சொல்லிவிட்டால் படமே அம்பைக் காவல் காக்கும். வலக்கையால் வரையும் பிள்ளைகள் பெரும்பாலும் முகத்தை இடது பக்கம் பார்த்துத்தான் வரைவார்கள், அதனால் யாரையும் கட்டாயப்படுத்துவதாக ஆகாது. வலது பக்கம் பார்க்கும் தவளையை ஏற்கெனவே வரைந்து முடித்தவரிடம் அழிக்கச் சொல்லாதீர்கள், அம்பை உடம்பு வரை இழுத்துவிட்டால் போதும்.

வெட்டுக்கிளி எதைத் தின்கிறது என்பதிலும் கொஞ்சம் நிதானியுங்கள். அது கடிப்பது நெல்லின் இலையை. பிள்ளைகள் நெல்மணியை வரைந்திருந்தால் இலையையும் சேர்த்து வரையச் சொல்லி, ஓரத்தில் கடித்த தடம் ஒன்று போடச் சொல்லுங்கள். கழனிக்குப் போகும் பிள்ளைக்கு அந்தத் தடம் எப்படியிருக்கும் என்று தெரியும், அதையே பலகையில் வந்து வரையவிடலாம்.

சூரியனை எங்கே போடுவது? முதல் கட்டத்தின் மேல்மூலையில் போடலாம். ஆனால் அதிலிருந்து நெல்லுக்கு வரும் கோடு நெளிநெளியாக இருக்கட்டும், அம்பு வேண்டாம். சூரியன் உயிர் இல்லை, அதை நெல் தின்பதும் இல்லை. சாப்பாடு தயாரிக்க வெளிச்சம் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

படமும் கலரும் சேர்ந்து 15 நிமிடம். அதற்கு மேல் வேண்டும் என்பவர்கள் வீட்டில் முடிக்கட்டும்.

கலைச்சொல்லை எப்போது தருவது

படம் முடிந்ததும், பேருக்குக் கீழே சின்னதாக. நெல்லுக்கு உற்பத்தியாளர், வெட்டுக்கிளிக்கு முதல்நிலை நுகர்வோர், தவளைக்கு இரண்டாம்நிலை நுகர்வோர், சாரைக்கு மூன்றாம்நிலை நுகர்வோர். எண்ணில் பிள்ளைகள் தடுமாறுவது சகஜம். நெல் ஒன்றாவது கட்டத்தில் இருப்பதால் அதுதான் முதல்நிலை என்று நினைத்துக்கொள்வார்கள். நுகர்வோர் என்றால் தின்பவர், நெல் யாரையும் தின்பதில்லை, ஆகவே எண்ணிக்கை இரண்டாவது கட்டத்தில்தான் ஆரம்பம் என்று ஒருமுறை சொன்னால் புரிந்துவிடும். இன்னொரு வழி, கட்டத்தை விட்டுவிட்டு மடிப்புகளை எண்ணுவது. முதல் மடிப்பைத் தாண்டியதும் முதல்நிலை.

வகுப்பில் கட்டாயம் வரும் மூன்று சந்தேகம்

விவசாய வீட்டுப் பிள்ளை கேட்கும் கேள்வி இது: "சார், உரம் நெல்லுக்குச் சாப்பாடு இல்லையா? எங்க அப்பா அப்படித்தான் சொல்வாரு." நாமே '-க்குச் சாப்பாடு' என்று பழக்கிவிட்டதால் இந்தக் கேள்வி வந்தே தீரும், தட்டிக்கழிக்கக் கூடாது. மண்ணிலிருந்து நெல் தண்ணீரையும் உப்புச் சத்துகளையும் உறிஞ்சுகிறது. உரம் கொடுப்பது அந்தச் சத்தைத்தான். அது இல்லாமல் பயிர் தேறாது என்பதும் உண்மை. ஆனால் பயிர் தன் சாப்பாட்டை இலையில்தான் தயாரிக்கிறது, காற்றில் உள்ள கார்பன் டை ஆக்ஸைடையும் வேரிலிருந்து வந்த தண்ணீரையும் வைத்து, வெயில் வெளிச்சத்தில். நிழலில் வைத்த தொட்டிக்கு எத்தனை உரம் போட்டாலும் நெல் விளையுமா என்று திருப்பிக் கேளுங்கள். உரத்திலிருந்து நெல்லுக்கு அம்பு கிடையாது.

இரண்டாவது, பால். "பாம்பு பால் குடிக்கும் மிஸ்" என்று சொல்லிப் புற்றையும் கிண்ணத்தையும் வரைந்திருப்பார்கள். ஆடி மாதத்தில் வீட்டில் புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்த பிள்ளை வேறெப்படி வரையும்? வழிபாட்டைக் கிண்டல் பண்ணவும் வேண்டாம், பாலை ஒப்புக்கொள்ளவும் வேண்டாம். வீட்டில் ஊற்றுவது பக்தியில் ஊற்றுவது, சாரை பசித்தால் தேடிப்போவது எலியையும் தவளையையும் என்று சொல்லி நகர்ந்துவிடலாம்.

மூன்றாவது கொக்கு. கழனியில் நிற்பதால் அது நெல் தின்கிறது என்று நெல்லிலிருந்து கொக்குக்கு நேராக ஓர் அம்பு வரும். கொக்கு அங்கே நிற்பது பூச்சிக்கும் தவளைக்கும் சின்ன மீனுக்கும். ஏர் உழும்போதும் மாடு மேயும்போதும் கூடவே நடக்கும் உண்ணிக்கொக்கைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால் பாதி வகுப்பு கையைத் தூக்கும். மாடு கால் வைக்கும்போது கிளம்பும் வெட்டுக்கிளியைத்தான் அது பிடிக்கிறது. ஆகவே நெல்லுக்கும் கொக்குக்கும் நடுவே ஒரு கட்டம் காணோம். அந்தக் கட்டத்தில் யார் என்று அவர்களே சொல்லட்டும்.

நாலாவதாக ஒன்றும் வரலாம், மனிதன் எங்கே சார் என்று. ஆம்பூர் பிரியாணியைக் காட்டிப் பதில் சொல்லிவிடலாம். ஒரே தட்டில் இரண்டு சங்கிலி. அரிசி வழியாக நெல் → நாம். கறி வழியாகப் புல் → ஆடு → நாம். முதலாவதில் நாம் முதல்நிலை நுகர்வோர், அடுத்ததில் இரண்டாம்நிலை. ஒரே ஆள் இரண்டு நிலையில் இருக்கலாம் என்பது பின்னால் உணவு வலைக்குப் போகும்போது உதவும்.

இரண்டாவது தாள், அப்புறம் ஒட்டுவது

அடுத்த பாடவேளையில் கொல்லைச் சங்கிலி. இதற்குப் புளியங்கொட்டை வேண்டாம், மடிப்பதும் பேர் எழுதுவதும் அம்பு போடுவதும் அவர்களே செய்வார்கள். மல்லாட்டைக் காயை எலி தோண்டித் தின்னும், எலியைச் சாரை விழுங்கும், சாரையைக் கீரி அடிக்கும். 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.

இப்போது கழனித் தாளை மேலேயும் கொல்லைத் தாளை கீழேயும் வைத்துப் பின்பக்கம் ஒட்டச் சொல்லுங்கள். மடிப்புகள் நேருக்கு நேர் வந்துவிடும். மேலே மூன்றாவது கட்டத்தில் தவளை, அதற்கு நேர் கீழே சாரை. மேலே நான்காவதில் சாரை, கீழே கீரி. "ஒட்டின கோட்டைத் தாண்டி எங்கெல்லாம் அம்பு போடலாம்?" என்று கேட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள், சிவப்புப் பென்சிலில் போடட்டும்.

தவளையிலிருந்து நேர் கீழே சாரைக்கு ஓர் அம்பு முதலில் வரும். மேல் சாரையிலிருந்து கீரிக்கு அடுத்தது. கொஞ்சம் யோசித்தால் நெல்லிலிருந்து குறுக்காக எலிக்கு ஒன்று, மல்லாட்டை இலையிலிருந்து மேலே வெட்டுக்கிளிக்கு ஒன்று. இதற்குத்தான் உணவு வலை என்று பேர் என்பதை இந்த இடத்தில் சொன்னால் போதும். சிவப்பு அம்பு ஒவ்வொன்றையும் '-க்குச் சாப்பாடு' என்று வாசித்துவிட்டுத்தான் அடுத்ததைப் போட வேண்டும். மேலே கீழே குறுக்கே என்று திசை மாறும்போதுதான் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும்.

நேரம் இருந்தால் தவளைக் கட்டத்தைக் கையால் மறைக்கச் சொல்லிக் கேளுங்கள்: கழனியில் தவளையே இல்லை என்றால்? வெட்டுக்கிளி பெருகும், நெல்லுக்குச் சேதம் என்பார்கள். சாரை பட்டினியால் செத்துவிடும் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். ஒற்றைத் தாளை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒட்டிய தாளில் சாரைக்கு எலியும் இருக்கிறது, கொல்லைப் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்ளும். சங்கிலியை மட்டும் வைத்துக்கொண்டு ஊகிப்பதில் உள்ள குறை பிள்ளைகளுக்கு இங்கேதான் கண்ணில் படும்.

புரிந்ததா என்று பார்க்க

'நெல், வெட்டுக்கிளி, தவளை, சாரை' என்று அதே வரிசையில் கொடுத்து அம்பு போடச் சொன்னால் எல்லோரும் முழு மார்க் வாங்குவார்கள். இடமிருந்து வலம் கோடு இழுக்கத் தெரிந்தாலே போதும், அதில் ஒன்றும் தெரியவராது. அதனால் வேறு இடம், தலைகீழ் வரிசை. சின்னச் சீட்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்:

விரால் மீன்     ஜிலேபி மீன் குஞ்சு     பாசி

ஏரி மீன் பிள்ளைகளுக்குத் தெரிந்ததுதான். பேரை இடம் மாற்றாமல் அம்பு மட்டும் போட வேண்டும். ஜிலேபி மீன் பாசி தின்னும், விரால் சின்ன மீனைப் பிடிக்கும், ஆகவே இரண்டு அம்பும் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். மூன்று நிமிடம் போதும்.

சீட்டுகள் மூன்று விதமாக வரும். அம்பு இரண்டும் இடது பக்கம் போனவர்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒன்று அப்படியும் ஒன்று இப்படியும் போட்டவர்களுக்குப் பெரும்பாலும் எந்த மீன் எதைத் தின்னும் என்பதில்தான் சந்தேகம், வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் தானே திருத்திக்கொள்வார்கள். இரண்டையும் வலது பக்கம் போட்டவர்கள் வரிசையை மனப்பாடம் பண்ணியவர்களாக இருக்கலாம், அல்லது இன்னும் வேட்டையையே வரைபவர்களாக இருக்கலாம். அவர்கள் மூன்று மூன்று பேராகப் பாசி, ஜிலேபி, விரால் என்று நிற்கட்டும். புளியங்கொட்டையை மறுபடி கையில் கொடுங்கள், இந்த முறை பாசி வலது கோடியில்.